ஒரே அறிவிப்பை எல்லாத் தளங்களுக்கும் தானாக மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

பெரம்பூரில் எங்கள் அறக்கட்டளை நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாமுக்காக, சென்னையில் இயங்கும் ஒரு விளம்பரச் சேவை நிறுவனத்திடம் அறிவிப்புப் பணியை ஒப்படைத்திருந்தோம். நீண்ட அறிவிப்பு ஒன்றையும் ஒரு சுவரொட்டிப் படத்தையும் கொடுத்துவிட்டால் போதும், முகநூல், எக்ஸ், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், குறுஞ்செய்தி ஆகிய அனைத்துக்கும் உரிய நீளத்திலும் அளவிலும் தங்கள் மென்பொருளே அமைத்து வெளியிட்டுவிடும் என்று அவர்கள் உறுதியளித்தார்கள். முகாமன்று காலையில், காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றுடன் முதியவர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் சிலர் சர்க்கரை நோயாளிகள். கண்புரை அறுவைச் சிகிச்சை அன்றே நடக்கும் என்று கைபேசியில் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

நாங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: "முகாமுக்கு வருவோர், கண்புரை அறுவைச் சிகிச்சை அன்றே செய்யப்படும் என்று எண்ணி வெறும் வயிற்றுடன் வர வேண்டாம்." எக்ஸ் தளத்தில் வெளியானதோ "கண்புரை அறுவைச் சிகிச்சை அன்றே செய்யப்படும்…" என்பதோடு நின்று, மூன்று புள்ளிகளும் ஓர் இணைப்பும் மட்டுமே பின்தொடர்ந்தன. அந்தப் பதிவைத் திரைப்பிடிப்பாக எடுத்து யாரோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர, முழு அறிவிப்பைவிட அதுவே அதிகம் பேரைச் சென்றடைந்தது. தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஆகவே முன்பக்கத்தை வைத்துக்கொண்டு பின்பக்கத்தை வெட்டும் எந்தக் கருவியும், "வேண்டாம்", "இல்லை", "மாட்டாது" ஆகியவற்றைத்தான் முதலில் இழக்கும். அந்த மென்பொருள் சொல்லின் நடுவில் வெட்டாமல் சொல்லின் முடிவில்தான் வெட்டியிருந்தது. அதனாலேயே மீதி இருந்தது முழுமையான ஒரு வாக்கியம்போலத் தோன்றி, யாருக்கும் ஐயம் எழவில்லை.

இவ்வளவு முன்னதாகவே ஏன் வெட்டப்பட்டது என்பதையும் விளக்க வேண்டும். எக்ஸ் தளத்தின் சாதாரணக் கணக்குகளுக்கு 280 என்பது வரம்பு. எவ்வளவு நீளமான இணைப்பாக இருந்தாலும் அது 23 என்றே கணக்கிடப்படும். ஆக, இணைப்பையும் அதற்கு முந்தைய இடைவெளியையும் கழித்தால் 256 மிஞ்சும். ஆனால் அந்த 256 நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அல்ல. "செய்யப்படும்" என்ற சொல்லை நாம் ஏழு எழுத்தாகப் படிக்கிறோம். ஒற்றைக்கொம்பு, புள்ளி, உகரக் குறி ஆகியவற்றை யூனிகோடு தனித்தனியாகச் சேமிப்பதால் கணினிக்கு அது 12. இந்த விகிதத்தில் பார்த்தால் 256 என்பது ஏறத்தாழ 150 தமிழ் எழுத்துகள்தான். முகாமின் பெயர், இடம், நாள், நேரம் ஆகியவற்றுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். இதை அறிந்த ஒருவர் நீண்ட அறிவிப்பைச் சுருக்க முயலவே மாட்டார். எக்ஸுக்கென்று இரண்டு வரிகளைப் புதிதாக எழுதி, தடைச் செய்தியைத் தலைப்பிலேயே வைப்பார்.

குறுஞ்செய்தியில் நடந்தது வேறு வகை. அதை ஏமாற்று என்றே சொல்வேன். ஒருவருக்கு ஒரு குறுஞ்செய்தி என்ற கணக்கில் விலை பேசிவிட்டு, ஒருவருக்கு மூன்று என்று பட்டியல் அனுப்பினார்கள். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம் உண்டு. தமிழில் அனுப்பும்போது அது 70 ஆகிவிடும். அதையும் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, துண்டுகளை இணைக்கும் குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால் ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே இருக்கும். எங்கள் செய்தி கணினிக் கணக்கில் 148. இரண்டு துண்டுகளில் 134 தான் அடங்கும் என்பதால் மீதி 14 இடத்துக்காக மூன்றாவது துண்டு போனது, மூன்றுக்கும் முழுக் கட்டணம் விதிக்கப்பட்டது. இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட வார்ப்புருவோடு பொருந்த வேண்டும். ஆகவே இங்கே அவர்களுடைய தானியங்கிச் சுருக்கத்துக்கு வேலையே இல்லை. வாசகத்தைப் பதிவு செய்த அன்றே அது மூன்று துண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து குறிகளைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்றிலொரு பங்கு செலவு மிஞ்சியிருக்கும்.

படங்களின் நிலை இன்னும் மோசம். நாங்கள் கொடுத்தது முகநூல் இணைப்புப் படத்துக்கு வழக்கமான 1200-க்கு 630 என்ற அகலவாக்குப் படம். இடப்பக்கம் நாளும் நேரமும், நடுவில் ஒரு கண்ணின் ஓவியம், வலப்பக்கம் முகாம் நடக்கும் பள்ளியின் முகவரி. இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கு வேண்டியது 1080-க்கு 1920 என்ற நெடுவாக்கு. உயரம் 630 முழுவதையும் வைத்துக்கொண்டு அந்த விகிதத்தில் வெட்டினால், 1200 அகலத்தில் கிடைப்பது 354 மட்டுமே. பத்தில் ஏழு பங்கு படம் போய்விடும். மிச்சத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி நிரப்பியதால் அதுவும் மங்கலாகியிருந்தது. முக்கியமான பகுதியைத் தானாகக் கண்டறிந்து வெட்டும் என்று அவர்கள் பெருமையாகச் சொன்ன வசதி, சித்திரத்தை முக்கியம் என்றும் எழுத்தைப் பின்னணி என்றும் எடுத்துக்கொண்டது. விளைவாக, நாளும் இடமும் இல்லாத ஒரு பெரிய கண் மட்டும் ஸ்டோரியில் நாள் முழுவதும் இருந்தது.

சதுரப் படத்துக்கு மட்டும் எழுத்தை மென்பொருளே புதிதாக அடுக்கியிருந்தது. அதில் "பெரம்பூர்" என்பது "பரெம்பூர்" என்று அச்சாகியிருந்தது. இது எழுத்துப் பிழையன்று. யூனிகோடில் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். காட்டும்போது அதை முன்னால் கொண்டுவருவது தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரிந்த மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யாத கருவி சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும், கொம்பு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சென்னையில் அமர்ந்துகொண்டு தமிழ் வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கும் நிறுவனம், தன் கருவியில் ஒரு முறையாவது ஒரு தமிழ் ஊர்ப் பெயரை வரைந்து பார்த்திருக்காதா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியிட்டோம் என்றார்கள். ஒப்புதலுக்குக் காட்டப்பட்டது முகநூலுக்கான முழு வடிவம் மட்டுமே. மற்றவை வெளியான பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டன. எழுத்து மூலம் இதைச் சுட்டிக்காட்டியதும் வடிவமைப்புக் கட்டணத்தில் பாதியைக் கழித்துக்கொண்டார்கள். குறுஞ்செய்திக் கட்டணத்தில் ஒரு பைசாவும் குறையவில்லை.

இத்தகைய சேவையை நாடுவோர், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை அறிவிப்பைக் கொடுத்துப் பாருங்கள். கடைசிச் சொல் "இல்லை" என்று முடியும் ஒரு நீண்ட வாக்கியமும், கெ, கொ, கை, ஸ்ரீ ஆகியவை வரும் ஒரு ஊர்ப்பெயர்ப் பட்டியலும், நான்கு மூலைகளிலும் ஒவ்வோர் எண் எழுதிய ஒரு படமும் அதற்குப் போதும். எல்லாத் தளங்களின் இறுதி வடிவத்தையும் வெளியிடும் முன் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பதையும், தமிழ்க் குறுஞ்செய்தி எத்தனை துண்டாகக் கணக்கிடப்படும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். படத்தைப் பொறுத்தவரை, தட்டையான ஒரே கோப்பைக் கொடுக்காமல், எழுத்தும் ஓவியமும் தனித்தனி அடுக்குகளாக உள்ள மூலக் கோப்பைக் கொடுத்து, ஒவ்வோர் அளவுக்கும் மறுபடி அடுக்கித் தரச் சொல்லுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால், அவர்கள் செய்யப்போவது வெட்டுவது மட்டுமே.