சீர் சாமான் பில்லில் 17,640 ரூபாய் அடித்துவிட்டார்கள், பார்த்து வாங்குங்கள்

காரைக்குடியில் பாத்திரமும் வீட்டு எலக்ட்ரிக் சாமானும் சேர்த்து விற்கிற பெரிய கடை. பெயர் வேண்டாம். மகள் கல்யாணத்துக்குச் சாமான் பரப்ப அங்கேதான் எல்லாம் எடுத்தோம். 17,640 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு இப்போது கையை விரிக்கிறார்கள்.

பில் போடும்போது பெரியவரே மோர் கொடுத்து உட்கார வைத்தார். "நம்ம வீட்டுக் கல்யாணம் ஆச்சி, பத்து சதவீதம் தள்ளிட்டேன், ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம் கொடுங்க போதும்" என்றார். அப்பச்சி காலத்திலிருந்து வாங்குகிற கடை. கொடுத்தோம். கணக்கு எழுதுகிற தம்பி மகன்தான் ராத்திரி பில்லைப் பார்த்துக் கத்தினான்.

எவர்சில்வர், பித்தளைப் பாத்திரம் 1,20,000. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி 80,000. இரண்டும் வரி சேராத விலை. 2025 செப்டம்பர் 22 முதல் பாத்திரத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், மற்றதற்கு 18. பில்லிலேயே எழுதிக் கொடுக்கிற தள்ளுபடியைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி போட வேண்டும். அப்படிப் போட்டால் பாத்திரம் 1,08,000, வரி 5,400. எலக்ட்ரிக் சாமான் 72,000, வரி 12,960. மொத்தம் 1,98,360.

இவர்கள் செய்தது வேறு. இரண்டு லட்சத்தையும் ஒன்றாகக் கூட்டி, அத்தனைக்கும் 18 போட்டு 2,36,000 ஆக்கி, கடைசியில் இருபதாயிரத்தைக் கழித்திருக்கிறார்கள். பாத்திரத்துக்கு 18 போட்டதில் மட்டும் 15,600 போச்சு. தள்ளுபடியை வரிக்கு அப்புறம் கழித்ததில் 2,040. வரியோடு சேர்ந்த தொகையில் பத்து சதவீதம் கழித்திருந்தால்கூட இந்த 2,040 வந்திருக்காது. வரிக்கு முந்தைய விலையில் கணக்குப் பண்ணி, வரிக்குப் பிறகு கழிக்கிறார்கள், அங்கேதான் சூது.

மறுநாள் போனால் மோரும் இல்லை, ஆச்சியும் இல்லை. "சிஸ்டம் அப்படித்தாம்மா போடும்" என்றான் கேஷில் இருந்த பையன். "வரி அரசாங்கத்துக்குத்தானே போகுது" என்றார் பெரியவர். அப்புறம் போன் பண்ணினால், "சீர் செட்டா எடுத்தீங்க, செட்டுன்னா பெரிய வரிதான்" என்று புதுக்கதை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை பேசியிருந்தால்தான் அந்த விதி. எங்கள் பில்லில் தூக்குச்சட்டி முதல் பிரிட்ஜ் வரை ஒவ்வொன்றுக்கும் தனி விலை, எந்த வகைச் சாமான் என்று காட்டுகிற தனி எச்எஸ்என் எண் இருக்கிறது. அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். 17,640 ரூபாய், கல்யாணச் செலவு நேரத்தில்!

நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை. பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு சாமானுக்கும் வரி சதவீதம் தனியாக இருக்கிறதா பாருங்கள். தள்ளுபடி வரிக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா பாருங்கள். முழுத் தள்ளுபடியையும் 5 சதவீதச் சாமானில் மட்டும் கழித்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் கொடுத்துவிட்டேன்.