இருவரும் உங்களிடமே குறை சொன்னால்: தலையாட்டுவதா, தடுப்பதா, தூது போவதா?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரு சண்டை தலைதூக்கும். சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கி வருபவருக்கும், அதைத் தூளாக்கும் டீ மேக்கருக்கும் இடையிலான சண்டை அது. இருவரும் தங்கள் குறையைக் கொட்டுவது கணக்குப் பிரிவில்தான். எடைப் புத்தகமும் தூள் கணக்கும் அங்கே இருக்கின்றன. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில், அப்போது நாம் எடுக்கக்கூடிய வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு குறைகளும் எப்படி வரும் என்று பாருங்கள். கொழுந்து வாங்குபவர் சொல்கிறார்: "அக்கா, நாலு விவசாயிகள் நிற்கும்போதே என் கொழுந்தை அள்ளிக் காட்டி, இதெல்லாம் ஒரு கொழுந்தா என்று கேட்கிறார். நாளைக்கு எனக்கு யார் கொழுந்து கொடுப்பார்கள்?" அவர் போன அரை மணி நேரத்தில் டீ மேக்கர் வருகிறார்: "வண்டி இரவு ஒன்பது மணிக்கு வருகிறது. சாக்கை அமுக்கிக் கட்டியிருக்கிறார்கள், உள்ளே கை விட்டால் சுடுகிறது. சூடேறிச் சிவந்த கொழுந்தில் நல்ல தூள் எப்படி வரும்? தரம் குறைந்தால் மேனேஜர் என்னைத்தான் கேட்கிறார், அக்கா." இருவர் சொல்வதும் உண்மை. இதனால்தான் ஒரு பக்கம் சாய்வது இவ்வளவு எளிதாக இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது தலையாட்டும் வழி. "ஆமாம், அவர் கொஞ்சம் முன்கோபிதான்" என்று ஒரு வரி சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அன்பாகத்தான் செய்கிறோம். ஆனால் அந்த ஒரு வரி அன்று மாலையே சாட்சியாக மாறிவிடுகிறது. அடுத்த வாக்குவாதத்தில் "அக்காவே சொன்னார்" என்ற சொல் வந்து விழும். அதைவிடப் பெரிய கெடுதல், மனம் இலேசாகிப் போனவர் எதிராளியிடம் பேச வேண்டிய அவசியத்தையே மறந்துவிடுகிறார். அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவென் (1913–1990) குடும்பங்களைக் கவனித்து இதை விளக்கியிருக்கிறார். இருவருக்கிடையே இறுக்கம் கூடினால் மூன்றாமவரை உள்ளே இழுத்து அதைத் தணித்துக்கொள்வார்கள், ஆனால் சண்டை இருந்த இடத்திலேயே இருக்கும் என்றார். மூன்றாமவர் இருவரோடும் உறவை விடாமல், எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால்தான் அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதும் அவர் கண்டதே.

இதற்கு நேர் எதிரானது தடுக்கும் வழி: "என்னிடம் இதைச் சொல்லாதீர்கள்." பலர் இதை முரட்டுத்தனம் என்பார்கள். தலையாட்டுவதைவிட இது மேல் என்பேன், ஏனென்றால் இதில் யாரும் நம் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆனால் மலையூரில் இதற்கு விலை அதிகம். மாலை பஸ்ஸில் அதே மனிதர் பக்கத்து இருக்கையில் உட்காருவார். ஹட்டி எனப்படும் எங்கள் மலைக் கிராமத்தில் ஒரு சாவு என்றால் இருவரும் அங்கே நிற்போம். கதவை அடித்துச் சாத்திய முகத்தோடு அங்கே போய் நிற்பது கடினம். உறவும் முறிந்து, குறையும் தீராமல் போகிறது.

தூது போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "நான் அவரிடம் பக்குவமாகச் சொல்கிறேன்" என்று ஏற்றுக்கொண்டால், சொன்னதன் சூடும் சொல்லாமல் விட்டதன் பழியும் நம்மேல்தான் வரும்.

நான் பரிந்துரைப்பது நான்காவது வழி: கேட்பது, சாய மறுப்பது, பேச்சை அவர்கள் இருவரிடமே திருப்பிவிடுவது. இதில் நேரம் முக்கியம். "இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் தொடங்கும்போதே நிறுத்திச் சொல்ல வேண்டும்: "அண்ணா, அவருக்குத் தெரியாமல் வைத்திருக்க வேண்டிய விஷயம் என்றால் என்னிடம் வேண்டாம். மற்றபடி சொல்லுங்கள், கேட்கிறேன்." முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு இதைச் சொன்னால் பயனில்லை. அதற்குள் ரகசியம் நம் கைக்கு வந்திருக்கும்.

கேட்ட பிறகு சொல்லும் வாக்கியமும் கவனமாக அமைய வேண்டும். "நாலு பேர் முன்னால் கேட்டது உங்களுக்கு வலித்திருக்கிறது" என்பது எதிரே இருப்பவரைப் பற்றிய பேச்சு. "அவர் மரியாதை தெரியாதவர்" என்பது அங்கே இல்லாதவர்மீது தீர்ப்பு. முதலாவதைச் சொல்லலாம், இரண்டாவதைச் சொல்லக்கூடாது. சந்தேகம் வந்தால், மற்றவர் வாசலில் நின்றாலும் இதே வாக்கியத்தைச் சொல்வேனா என்று பார்த்தால் போதும். பிறகு ஒரே கேள்வி: "இதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா?" பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். "அவரிடம் சொல்லுங்கள். நான் அவர் பக்கமும் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை. இருவரும் எனக்கு வேண்டும்." இதே சொற்களை டீ மேக்கரிடமும் சொல்ல வேண்டும். ஒருவரிடம் நீட்டியும் மற்றவரிடம் சுருக்கியும் சொன்னால் அதுவே சாய்வு.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. கணக்கு நம் கையில் இருப்பதால் நீதிபதி ஆகிவிடத் தோன்றும். மழைநாளில் 4,000 கிலோ கொழுந்து எடை போட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ கொழுந்து என்று கொண்டால் ஏறக்குறைய 890 கிலோ வர வேண்டும். வந்தது 800. கொழுந்து வாங்குபவர் இதைப் பார்த்தால் டீ மேக்கர் வீணடித்தார் என்பார். டீ மேக்கர் பார்த்தால் கொழுந்தே சரியில்லை என்பார். ஆனால் அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு இலைமேல் நின்ற மழைநீர் என்றால், உண்மையான கொழுந்து 3,600 கிலோதான், அதற்கு 800 சரியான கணக்கு. குறைந்த தூளுக்கு இருவரும் காரணமில்லை. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான். இந்தத் தாளை ஒருவரிடம் மட்டும் காட்டினால் அவர் கையில் ஆயுதம் கொடுத்ததாகும். இருவரையும் ஒரே மேசைக்கு அழைத்து, ஒரே நேரத்தில் காட்டிவிட்டு, கருத்துச் சொல்லாமல் இருப்பதுதான் சாயாமல் இருப்பது. வண்டி நேரமும் சாக்கு கட்டும் விதமும் இலக்கங்களுக்கு அப்பாற்பட்டவை. அவற்றை அவர்கள்தான் பேச வேண்டும்.

வழி பிசகுகிறதா என்பது நமக்கே தெரியும். ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் குரலைத் தாழ்த்தினால், அந்த அறை ஒரு தரப்பின் அறையாகிவிட்டது என்று பொருள். அதே குறை, அதே சொற்களில், எதுவும் மாறாமல் மூன்றாம் முறையும் வந்தால் கேட்பதையும் நிறுத்த வேண்டும்: "இதை இனி மேனேஜரிடம் சொல்லுங்கள். வேண்டுமானால் நீங்கள் இருவரும் அவரைப் பார்க்கும்போது நானும் வந்து உட்காருகிறேன்."

இவை எல்லாம் ஏறக்குறையச் சம நிலையில் உள்ள இருவருக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் மற்றவருக்குக் கீழே தினக்கூலியாக இருந்து, வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசுகிறார் என்றால் "அவரிடமே சொல்லுங்கள்" என்பது கொடுமை. இலை அரைக்கும் உருளைகளின் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார் என்ற புகாரையும் நடுநிலையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அன்றே நிர்வாகத்திடம் போக வேண்டும். கொழுந்து பிரிக்கும் பெண் ஒருவர் பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம், அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், எழுத முடியாதவருக்கு எழுதக் குழு உதவ வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இதை எடுத்துச் சொல்லி, அவர் விரும்பினால் குழுவிடம் அவரோடு கூடவே போவதுதான் அங்கே நம் வேலை.