நீர்ச்சுழற்சி: 3 நிமிடப் பேச்சுக்குக் கதையா, செய்முறையா?

செலவு: துளியின் பயணக் கதைக்கு எதுவும் வேண்டாம். செய்முறைக்குக் கண்ணாடி டம்ளரில் கால்பங்கு வெந்நீர், அதன்மேல் எவர்சில்வர் தட்டு, தட்டில் ஐஸ் கட்டி.

நேரம்: கதை குறித்த நேரத்தில் முடியும். தட்டின் அடியில் துளி கோக்க ஓரிரு நிமிடம் ஆகும். பேச்சைத் தொடங்கும்போதே தட்டை வைத்துவிடுங்கள்.

குழப்பம்: கதையில், கடல்நீர் அப்படியே மேலே போவதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். இந்த வரியைச் சேருங்கள்: “மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அதனால்தான் மழைநீர் கரிப்பதில்லை.” செய்முறையில், ஐஸ்தான் ஒழுகியது என்பார்கள். தட்டின் அடியைத் துடைத்து, காய்ந்திருப்பதைக் காட்டிவிட்டு வையுங்கள். கொதித்தால்தான் ஆவி வரும் என்றும் எண்ணுவார்கள். நிழலில் உலரும் துணியைச் சொல்லுங்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச கதை போதும். வகுப்பறையில், எல்லோரும் டம்ளரைப் பார்க்க முடிந்தால், செய்முறையே என் தேர்வு.