25 வருஷ பேனல் வாரண்டி: ஸ்டெப் பேப்பரா, லீனியர் பேப்பரா?

மாடில சோலார் போட கொட்டேஷன் கேட்டா எல்லாரும் "25 வருஷ வாரண்டி சார்"னு ஆரம்பிப்பாங்க. ஆனா அது பேனல் கெட்டுப்போகாதுங்கிற வாரண்டி இல்லங்க, வாட் இவ்ளோக்குக் கீழ இறங்காதுங்கிற வாக்கு. பின்பக்க ஷீட் வெடிக்கிறது, ஜங்ஷன் பாக்ஸ் கருகுறது எல்லாம் ப்ராடக்ட் வாரண்டி கணக்கு, அது பெரும்பாலும் 10, 12 வருஷத்தோட முடிஞ்சிடும்.

அந்த 25லயும் ரெண்டு வகை இருக்கு. பழைய ஸ்டெப் பேப்பர்ல முதல் 10 வருஷம் 90%, அப்புறம் கடைசி வரைக்கும் 80%. இப்ப வர்ற லீனியர்ல, மோனோ பெர்க் பேனல்னா முதல் வருஷம் 2%, அடுத்தடுத்து வருஷம் 0.55% குறைஞ்சு கடைசில 84.8%ல நிக்கும். கடைசி நம்பர்ல பெருசா வித்தியாசம் இல்லையேன்னு தோணும், விஷயம் நடுவுல இருக்கு.

540 வாட் பேனல், 8 வருஷம் ஆச்சுன்னு வைங்க. ஸ்டெப்ல 486 வாட் வந்தாலே கம்பெனி தப்பிச்சிடும், லீனியர்ல 508 வரணும். லேப்ல 495 காட்டுச்சுன்னா ஸ்டெப்காரருக்கு ஒண்ணும் கிடையாது, லீனியர்காரர் 13 வாட் குறையுதேன்னு குதிப்பாரு, ஆனா பல பேப்பர்ல பொடி எழுத்துல 3% டாலரன்ஸ் இருக்கும், அதைக் கழிச்சா 493 வந்தா போதும், அவரும் அவுட்!

சரி, 485 காட்டுச்சுன்னா? லீனியர்ல கிளைம் நிக்கும், ஸ்டெப்ல அதே 3% கழிச்சா 471 வந்தாலே போதும், அங்க நிக்காது. மாத்தித் தர்றதா, குறைஞ்ச 23 வாட்டுக்குக் காசு தர்றதான்னு முடிவு பண்றது பெரும்பாலும் கம்பெனிதான். வாட்டுக்கு 25 ரூபான்னு வெச்சாலும் 575 ரூபா. கழட்டி மாட்டுற கூலியும் லாரி வாடகையும் பெரும்பாலும் நம்ம தலையிலதான். காசு கம்மிதான், ஆனாலும் கிளைமாவது நிக்குதேன்னு என் ஓட்டு லீனியருக்குத்தான், ஆனா ப்ராடக்ட் வாரண்டி 12 வருஷமான்னு பார்த்துட்டுதான்.

கிளைம் போடணும்னா "ஆப்ல யூனிட் குறையுது"ன்னா எடுபடாது, தூசி, நிழல், இன்வெர்ட்டர்னு தட்டிக்கழிப்பாங்க. முதல்ல பேனலைக் கழுவுங்க, வெயில் நல்லா இருக்கிற மத்தியானத்துல டெக்னீஷியனை வெச்சு, வோல்டேஜ் மாற மாற கரண்ட் எவ்ளோ வருதுன்னு காட்டுற ஐவி கர்வ் எடுத்து பக்கத்து பேனலோட ஒப்பிடுங்க. ஒண்ணு மட்டும் இறங்கியிருந்தா பில், சீரியல் நம்பர், போட்டோ, ரீடிங் எல்லாம் சேர்த்து கம்பெனிக்கே மெயில் போடுங்க, வித்த டீலருக்கு காப்பி. அவங்க ஒத்துக்கலன்னா ரெண்டு பேரும் ஏத்துக்கிற லேப்ல, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், 25 டிகிரி செல் சூட்டுல டெஸ்ட். அந்த டெஸ்ட் கட்டணத்தை முதல்ல யார் கட்டுறதுன்னு மெயில்லயே எழுதி வாங்கிக்கோங்க.

எங்க மாமா வீட்ல சீரியல் ஸ்டிக்கர் பேனலுக்குப் பின்னாடி, தரைக்கு ஒட்டின மாதிரி ஃபிரேம். செல்போனை அடில நீட்டி பத்து தடவ எடுத்தும் பாதி நம்பர்தான் விழுந்துச்சு. மாட்டுறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருக்கலாம்.