இணைப்பு பதிலிலா, சுயவிவரத்திலா?

சொந்தச் செயலி வைத்திருப்பவர் கேள்வி-பதில் தளங்களில் எழுதும்போது, அதன் இணைப்பை எங்கே வைப்பது என்று வரும் குழப்பம் இது.

நீக்கப்படும் அபாயம்
பதிலில்: அதிகம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், செயலி உங்களுடையது என்று அந்தப் பதிலிலேயே சொல்லியாக வேண்டும்.
சுயவிவரத்தில்: குறைவு.

பலன்
பதிலில்: உடனே ஆள் வரும்.
சுயவிவரத்தில்: பதில் பிடித்தவர் மட்டும், மெதுவாக.

மெமரி கார்டில் அழிந்த படங்களை மீட்பது எப்படி என்று ஒருவர் கேட்கிறார். கார்டில் இனி எதையும் பதியாதீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். இலவச மீட்புக் கருவியான ஃபோட்டோரெக்கையும் காட்டுங்கள். அப்புறம் உங்கள் இணைப்போடு, "இது நான் உருவாக்கிய செயலி" என்று ஒரு வரி. அந்த வரியை நீக்கினாலும் படம் மீளும் என்றால் பதில் சரி.

கணக்கு புதிதென்றால் சுயவிவரமே போதும். கேட்பவர் அப்படியொரு கருவியையே தேடினால் பதிலில் தயங்காமல் வைக்கலாம்.