தலைப்பிலேயே சேதி: எங்கள் குடியிருப்பு மடலைச் சுருக்கி மூன்று வருடம்

எங்கள் குடியிருப்பில் 144 வீடுகள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போகும் சங்கச் செய்திமடலை 2022-லிருந்து நான்தான் எழுதுகிறேன். முதல் ஆறு மாதம் பழைய பாணியில் எழுதினேன். பிறகு தலைப்பை நாலைந்து சொல்லுக்குள் அடக்கி, முதல் இரண்டு வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடும் முறைக்கு மாறினேன். தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் போன்ற அறிவிப்புகளுக்கு இது மிக நன்றாக உதவுகிறது. பணம் கேட்கும் அறிவிப்புக்கு இதை அப்படியே பயன்படுத்தினால் வம்புதான்.

மாறியதற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மொட்டைமாடித் தொட்டிகளையும் கீழே உள்ள சம்ப்பையும் கழுவ ஆள் வந்திருந்தார்கள். காலை 6 மணிக்கு வால்வை அடைத்தோம். 7 மணிக்குள் இன்டர்காம் ஓயவில்லை. பி பிளாக் மூன்றாவது மாடி அக்கா, கைக்குழந்தைக்காரர், நேரே கீழே வந்துவிட்டார்.

"மடல்ல போட்டிருந்தோமே அக்கா" என்றேன்.

"மெயில் வந்துச்சு தம்பி, பார்த்தேன். சங்கத்து லெட்டர்தானே, ராத்திரி படிச்சுக்கலாம்னு வச்சிட்டேன். தண்ணி நிக்கப்போகுதுன்னு அதுக்குள்ள இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்குப் போய் அந்த மடலைப் போனில் திறந்து பார்த்தேன். நான் வைத்த தலைப்பு: "நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்ச் மாத இரண்டாம் வாரச் செய்திமடல்". இன்பாக்ஸில் தெரிந்தது: "நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின்…". உள்ளே வணக்கம், வெயில் தொடங்கிவிட்டது, மகளிர் தின விழாவுக்கு வந்தவர்களுக்கு நன்றி, பூங்கா விளக்கு. ஆறாவது பத்தியில்தான் தொட்டி கழுவுவது வந்தது. அதிலும் நேரம் கடைசி வரியில். நீல்சன் நார்மன் குழுமம் 2006-இல் மின்மடல் வாசிப்பை ஆராய்ந்தபோது, திறந்த மடலில் வாசகர் சராசரியாக 51 வினாடிதான் செலவழித்தார் என்று கண்டது. மூன்றில் இரண்டு பங்குப் பேரின் பார்வை முன்னுரைப் பகுதியில் ஒருமுறைகூட நிற்கவில்லை. என் மடலில் முதல் ஐந்து பத்தியும் முன்னுரைதான்.

அடுத்த முறை தொட்டி கழுவும்போது தலைப்பை இப்படி எழுதினேன்: "மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யும் பணி காரணமாக ஞாயிறன்று காலை தண்ணீர் வராது". எல்லாம் இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கே சோதனை மடல் அனுப்பிப் பார்த்தால் போனில் "மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யும்…" என்று நின்றுவிட்டது.

இது தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வருமா வராதா என்பது அந்தக் கடைசிச் சொல்லின் கடைசி எழுத்துகளில்தான் தெரியும். வரி பாதியில் வெட்டுப்பட்டால் முதலில் காணாமல் போவது அதுதான். போதாததற்கு, காரணத்தை முன்னால் சொல்லும் அலுவலக வழக்கம் வேறு. 'காரணமாக', 'முன்னிட்டு', 'பொருட்டு' என்று தொடங்கிவிட்டால் விளைவு திரைக்கு வெளியே போய்விடும்.

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். வினை திரைக்குள் வரும் அளவுக்கு வாக்கியத்தைக் குறுக்குவது ஒன்று: "ஞாயிறு காலை தண்ணீர் வராது". அது முடியாதபோது நாளிதழ்கள் செய்வதுபோல வினையைப் பெயராக்கி முன்னே கொண்டுவருவது: "லிஃப்ட் நிறுத்தம்: ஏ பிளாக், புதன் முழுநாள்". இதில் பின்பாதி வெட்டுப்பட்டாலும் லிஃப்ட் ஓடாது என்பது நிற்கும். சங்கத்தின் பெயரைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அனுப்புநர் பெயரில் அது ஏற்கெனவே இருக்கிறது.

தலைப்புக்குப் பக்கத்திலோ கீழேயோ இன்பாக்ஸ் மங்கலாகக் காட்டும் ஒரு வரி உண்டு. மடலின் முதல் எழுத்துகளைத்தான் அது எடுத்துக்கொள்ளும். எங்களுடையதில் வாராவாரம் "இந்த மடல் சரியாகத் தெரியவில்லையெனில் இங்கே சொடுக்கவும்" என்றே தெரிந்துகொண்டிருந்தது. மடல் அனுப்பும் சேவைகள் பலவற்றில் இதற்கு `Preview text` என்று தனிக் கட்டம் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் மடலின் உச்சியில் இதை வைக்கலாம்:

```html
<div style="display:none">6 முதல் 2 மணி வரை. சனி இரவே பிடித்து வைக்கவும்.</div>
```

தலைப்பில் சொன்னதையே இங்கே திரும்பச் சொன்னால் அந்த வரி வீண். தலைப்பு என்ன நடக்கிறது என்று சொல்லட்டும். இந்த வரி வாசகர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும். உள்ளே முதல் இரண்டு வரி இப்படி இருக்கும்: "ஞாயிறு காலை 6 முதல் மதியம் 2 வரை எந்த பிளாக்கிலும் தண்ணீர் வராது. சனி இரவே பிடித்து வையுங்கள்; 2 மணிக்குப் பிறகு முதல் பத்து நிமிடம் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்." ஏன், யார் கழுவுகிறார்கள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அதற்குக் கீழே.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்கிறேன். போனில் வந்த சோதனை மடலை, திறக்காமல், சங்கக் குழுவில் இல்லாத யாராவது ஒருவரிடம் காட்டி "நீங்க என்ன பண்ணணும், எப்போ?" என்று கேட்பேன். பதில் வராவிட்டால் தலைப்பை மாற்றி எழுதுவேன். பெரும்பாலும் என் மாமியார்தான் மாட்டுவார்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நான் நம்புவதில்லை. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் வந்த ஆப்பிள் மெயிலின் தனியுரிமை வசதி, ஆள் திறக்காவிட்டாலும் மடலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது; அது திறந்ததாகவே பதிவாகும். தவிரவும், திறக்காமலே விஷயம் புரிந்தால் அதுதானே எனக்கு வேண்டியது. நான் பார்ப்பது செக்யூரிட்டி அறையில் இருக்கும் புகார் நோட்டு. அந்த ஞாயிறன்று இரண்டு பக்கம் நிரம்பியது. முறை மாறியபின் வந்த தொட்டி நாளில் ஐந்தே வரி.

சறுக்கிய இடம் மெயின்டனன்ஸ் உயர்வு. "ஏப்ரல் முதல் மெயின்டனன்ஸ் உயர்வு" என்று தலைப்பு, முதல் வரியில் புதிய தொகை, இரண்டாவது வரியில் கட்ட வேண்டிய தேதி. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டார் மாற்றியது, காவலாளிகளின் சம்பளம் கூடியது எல்லாம் கீழே விளக்கமாக இருந்தன. பாதிப்பேர் அதுவரை போகவே இல்லை. யாரையும் கேட்காமல் ஏற்றிவிட்டார்கள் என்று குடியிருப்பில் ஒரே கொதிப்பு. தண்ணீர் நிற்பது ஏன் என்று தெரியாவிட்டாலும் வாளியை நிரப்பலாம். பணம் ஏன் என்று தெரியாமல் யாரும் மனமுவந்து கொடுக்க மாட்டார்கள். இப்போது அப்படிப்பட்ட மடலில் காரணத்தையும் முதல் இரண்டு வரிக்குள் கொண்டுவருகிறேன்: "எஸ்டிபி மோட்டார் மாற்றியதாலும் காவலாளிகளின் சம்பளம் கூடியதாலும் மாதம் இவ்வளவு உயர்கிறது; பொதுக்குழுவில் முடிவானது." வரி நீண்டாலும் பரவாயில்லை. மரணச் செய்தி இருக்கும் வாரத்தில் அதை வேறு எந்த அறிவிப்போடும் சேர்ப்பதில்லை, தனி மடல்.

ஒரு மடலில் எத்தனை விஷயம் என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். நான்கு அறிவிப்பு சேர்ந்தால் எதைத் தலைப்பாக்குவது? வாசகர் தவறவிட்டால் அன்றே கஷ்டப்படப்போகும் ஒன்றை மேலே வைக்கிறேன். மற்ற மூன்றையும் உள்ளே ஆளுக்கொரு வரியில், தேதியை முதலில் போட்டு எழுதுகிறேன். மின்னஞ்சலே பார்க்காத ஏழெட்டுப் பெரியவர்களுக்காக, அந்தத் தலைப்பையும் இரண்டு வரியையும் மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்து லிஃப்ட்டுக்குள் ஒட்டுகிறோம். தரைத்தளத்திலிருந்து முதல் மாடி போவதற்குள் படித்து முடித்துவிடலாம்.