ரெண்டு பக்க பதிலை ஆறு பாயிண்டா சுருக்குறது: மூணு வழியையும் போட்டுப் பாத்தேன்

என் தங்கச்சி மக போட்டித் தேர்வுக்கு படிக்குதா. போன மாசம் மார்த்தாண்டத்துல எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப ஒரு நோட்டை நீட்டி "மாமா, இதெல்லாம் கடைசி நாள் ஒரு தாள்ல பாக்கணும், எப்படி சுருக்க?"ன்னு கேட்டா. அவ எடுத்திருந்த கேள்வி நம்ம ஊர் கதையேதான், கன்னியாகுமரி தமிழ்நாட்டோட இணைஞ்ச வரலாறு. ரெண்டு பக்கம், அஞ்சு பத்தி. பரீட்சையில இத பன்னெண்டு நிமிஷத்துல எழுதி முடிக்கணும்னு கணக்கு வச்சிருந்தா.

அவ முதல்ல செஞ்சது எல்லாரும் செய்றதுதான், பத்தி வரிசையிலயே ஒவ்வொரு வாக்கியமா வெட்டி நம்பர் போடுறது. பதினாலு பாயிண்ட் வந்துச்சு. இதுல ஒண்ணும் விட்டுப்போகாது, செய்யும்போது யோசிக்கவும் வேண்டாம், அதான் இதுல உள்ள சுகம். ஆனா மார்த்தாண்டத்துல பஸ் ஏறி தக்கலை வரதுக்குள்ள இந்த ஒரு கேள்விதான் வாசிச்சு முடியும், மத்த பத்து கேள்விய எப்ப பாக்க?

இத விட பெரிய சிக்கல் ஒண்ணு உண்டு. மூலப் பதில்ல போராட்டம் ஒரு பத்தி, கமிஷன் அடுத்த பத்தி. அதனால "5. 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச் சூடு", "6. மாநில மறுசீரமைப்பு கமிஷன்"னு வந்துச்சு. நம்பரை பாத்தா சூடு நடந்ததாலதான் கமிஷன் போட்டாங்கன்னு தோணும். உண்மையில கமிஷன் 1953 டிசம்பர்லயே போட்டாச்சு, அது வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான் சூடு நடந்தது. பத்தியா இருக்கும்போது இது உறுத்தல, நம்பர் போட்டதும் பொய்யாயிருச்சு. நம்பர்னா முன்ன பின்னன்னு ஒரு அர்த்தம் தானா வந்துரும்லா.

ரெண்டாவது வழி, வெறும் சொல் மட்டும். "நேசமணி, ஃபசல் அலி, 1954, புதுக்கடை, 4 தாலுகா, செங்கோட்டை, 1956". ஒரு வரிதான், எழுதின அன்னைக்கு பாத்தா மொத்தமும் கண்ணுக்குள்ள ஓடும். மூணு வாரம் கழிச்சு அதே தாளை குடுத்து எழுதச் சொன்னேன், செங்கோட்டையில வந்து நின்னுட்டா. "செங்கோட்டை வந்துச்சா போச்சா மாமா?"ன்னு கேக்கா. வினைச்சொல் இல்லாத பாயிண்ட் இப்படித்தான் கைய விடும். நல்லா தெரிஞ்ச பாடத்துக்கு, அதுவும் முந்தின நாள் எழுதினதுக்கு மட்டும் இந்த வழி ஓடும்.

மூணாவதா நான் சொன்னது, பத்திய மறந்துட்டு வருஷ வரிசையில அடுக்கு, ஒரு நம்பருக்கு ஒரு சம்பவம், அதுல வினைச்சொல் கண்டிப்பா இருக்கணும், ஒண்ணால இன்னொண்ணு நடந்திருந்தா மட்டும் "அதனால"ன்னு எழுது. இப்படி வந்துச்சு:

1. திருவிதாங்கூர் தெற்குல தமிழ் பேசுற தாலுகாக்கள், ஆட்சி மலையாளத்துல. அதனால இணைப்புக் கோரிக்கை எழுந்தது.
2. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நேசமணி தலைமையில போராடுச்சு.
3. 1953: ஃபசல் அலி தலைமையில கமிஷன் அமைஞ்சது.
4. 1954 ஆகஸ்ட் 11: மார்த்தாண்டம், புதுக்கடையில போலீஸ் சுட்டது (அப்ப பட்டம் தாணுபிள்ளை ஆட்சி).
5. 1955: கமிஷன் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, கூடவே செங்கோட்டை, அஞ்சையும் குடுக்கச் சொல்லுச்சு, தேவிகுளம், பீர்மேடு கிடைக்கல.
6. 1956 நவம்பர் 1: நாலு தாலுகா கன்னியாகுமரி மாவட்டம் ஆச்சு, செங்கோட்டை திருநெல்வேலிக்கு போச்சு.

நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல "அதனால" போடலாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சா, போட வேண்டாம்னுட்டேன், மூலப் பதில்ல அப்படி ஒரு காரணம் சொல்லவே இல்ல, சுருக்குறவ புதுசா காரணம் கண்டுபிடிக்கக் கூடாது. இன்னொண்ணும் திருத்தினோம், 1956ல அது சென்னை மாநிலம், தமிழ்நாடுன்னு பேர் மாறினது 1969ல, அதனால ஆறாவது பாயிண்ட் ஓரத்துல "செ.மா."ன்னு சின்னதா குறிச்சு வச்சா.

மூணாவது வழியில நேரம்தான் செலவு. பதினாலு பாயிண்ட் இருபது நிமிஷத்துல முடிஞ்சுது, இந்த ஆறுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. பரீட்சைக்கு ரெண்டு நாள்தான் இருக்குன்னா நான் இத சொல்ல மாட்டேன், முதல் வழியில வெட்டி, நம்பருக்கு பதிலா வருஷத்தை முன்னால போடுன்னு மட்டும் சொல்லுவேன், அந்த கமிஷன் குழப்பமாவது தப்பும். தேதியே இல்லாத பதில், இப்ப பஞ்சாயத்து ராஜோட நன்மைகள் மாதிரி கேள்வின்னா வருஷ வரிசைக்கு வேலையே இல்ல, அங்க வினைச்சொல் விதி மட்டும் போதும்.

மூணு வாரம் கழிச்சு இந்த தாளையும் குடுத்தேன், வாட்ச் வச்சு பாத்தேன். பத்தரை நிமிஷத்துல ஒண்ணரை பக்கம் எழுதிட்டா, தோவாளை மட்டும் விட்டுப்போச்சு. "நாலு தாலுகான்னு எழுதிட்டு மூணு பேர் போட்டிருக்கியே மக்களே"ன்னதும் நாக்கை கடிச்சுக்கிட்டு பேனாவ எடுத்தா.